கண்முன் மின்னும் ஒளிக்கோடு

ஒற்றைத் தலைவலி வலியோடுதான் தொடங்கும் என்று பலரும் எண்ணுகின்றனர். சிலருக்கோ அது பார்வையில் தொடங்குகிறது. வலி வருவதற்கு முன்பே காட்சியின் ஒரு பகுதி மங்கும். அதன் விளிம்பில் கோட்டைமதில் போன்று மடிந்து மடிந்து செல்லும் ஒளிக்கோடு மின்னும். ஹூபர்ட் ஏரி என்னும் ஆங்கில மருத்துவர், தமக்குத் தோன்றிய இக்காட்சியை 1870ஆம் ஆண்டிலேயே வரைந்து காட்டினார்.

இம்மாற்றம் கண்ணில் நிகழ்வதன்று. மூளையின் பின்புறத்திலுள்ள பார்வைப் பகுதியில் நிமிடத்திற்கு ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் வேகத்தில் பரவும் ஓர் அலையால் நிகழ்வது. அதனால்தான் கண்களை மூடினாலும் ஒளிக்கோடு மறைவதில்லை. மங்கலும் திடீரென வராமல் மெல்ல மெல்ல விரிகிறது. பெரும்பாலும் இது 5 நிமிடம் முதல் 60 நிமிடம் வரை நீடிக்கும்.

வாகனம் ஓட்டுபவருக்கு இதில் ஒரு மறைமுக ஆபத்து உண்டு. மறைந்த இடம் கருமையாகத் தெரிவதில்லை. சுற்றியுள்ள சாலையின் நிறத்தைக் கொண்டே மூளை அதனை நிரப்பிவிடக்கூடும். அவ்விடத்தில் மிதிவண்டி ஒன்று சென்றாலும் வெறுஞ்சாலையாகவே தோன்றும்.

திருச்சியிலிருந்து மதுரைக்கு மகிழுந்தில் செல்லும் ஒருவரைக் கருதுவோம். முந்தைய இரவு அவர் நன்கு உறங்கவில்லை. காலை முதலே அடிக்கடி கொட்டாவி; கழுத்தில் இறுக்கம். விராலிமலையைக் கடந்ததும் முன்செல்லும் வண்டியின் எண்பலகையில் நடு எண்கள் மட்டும் தெரியவில்லை. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் ஒவ்வொரு நிமிடமும் ஒரு கிலோமீட்டர் கடக்கிறது. அந்த நேரத்தில் மங்கலும் விரிகிறது. ஆகவே, ‘அடுத்த ஊரில் நிறுத்தலாம்’ என்னும் எண்ணம் தவறு. இடப்புற விளக்கைப் போட்டு, வேகத்தைக் குறைத்து, சாலையை விட்டு விலகி நிறுத்துவதே முறை. எரிபொருள் நிலையம் அருகில் இருப்பின் நன்று. இல்லையெனில் சாலையோரத்தில் அபாய விளக்குகளை ஒளிரவிட வேண்டும்.

அரைமணி நேரத்தில் அவருடைய பார்வை தெளிகிறது. எனினும் பயணத்தைத் தொடரலாகாது. பெரும்பாலோர்க்கு இதன் பின்னரே வலியும் குமட்டலும் வெளிச்சத்தைத் தாங்க இயலாமையும் வரும். இந்நோய்க்கான மருந்துகள் சில உறக்கத்தையும் தரும். எனவே உடன் வருபவரிடம் சாவியைத் தருவதோ, பேருந்தில் செல்வதோ ஏற்றது. வலி நீங்கி, மயக்கவுணர்வும் மறைந்த பின்னரே அவர் மீண்டும் ஓட்டலாம்.

இத்தகைய மங்கல் முதன்முறையாக வந்தாலோ, ஒருபக்கக் கை கால் தளர்ந்தாலோ, பேச்சு குழறினாலோ அது பக்கவாதமாகவும் இருக்கலாம். அப்போது 108 அவசர ஊர்தியை உடனே அழைக்க வேண்டும்.

கொட்டாவியும் கழுத்திறுக்கமும் சிலருக்கு வலி வருவதற்குப் பல மணி நேரம் முன்பே தோன்றுகின்றன. தமக்கு வலி வந்த நாள்களையும் அதற்கு முன் தோன்றிய அறிகுறிகளையும் குறித்து வைப்பவர், அவற்றின் வரிசையை விரைவில் கண்டுகொள்வார். அவ்வறிகுறிகள் தோன்றும் காலையில் அவர் சாவியை எடுக்காதிருப்பதே நன்று.