முதலில் டேப், பிறகுதான் மை

கல்யாண மேக்கப் செய்வது என் தொழில். தங்களுக்குத் தாங்களே போட்டுக்கொள்ளக் கற்க வருகிறவர்களும் உண்டு. அவர்களில் பெரும்பாலோர் உட்கார்ந்ததுமே சொல்வது, “எனக்குக் கை நடுங்கும் அக்கா, விங் மட்டும் வரவே வராது” என்பதுதான். நடுக்கம் எல்லாக் கைகளுக்கும் கொஞ்சம் உண்டு. காபி குடித்திருந்தாலும், தூங்காமல் இருந்தாலும், பதற்றத்திலும் அது கூடும். விங் கோணிப்போவதற்கு நடுக்கத்தை மட்டும் காரணமாகச் சொல்ல மாட்டேன். கோடு எங்கே போகவேண்டும் என்று முடிவு செய்வதும், அதை வரைவதும் ஒரே நொடியில் நடப்பதுதான் பெரிய சிக்கல். டேப் இந்த இரண்டு வேலைகளையும் பிரித்துவிடுகிறது. டேப் ஒட்டும்போது முடிவு செய்துவிடுகிறோம். அதன் பிறகு கைக்கு மிஞ்சுவது நிரப்பும் வேலை.

மருந்துக்கடையில் கிடைக்கும் அரை இஞ்ச் மைக்ரோபோர் டேப்பைத்தான் நான் வாங்கச் சொல்கிறேன். காயத்துக்குப் பஞ்சு வைத்து ஒட்டுகிற காகித டேப் அது. வெள்ளையாக இருப்பதால் கோணம் கண்ணாடியில் பளிச்சென்று தெரியும். கையால் கிழித்த முனை பிசிறாக இருக்கும். சுருளிலேயே வந்த நேரான பக்க விளிம்பைத்தான் கோட்டுக்குப் பயன்படுத்த வேண்டும். இரண்டு விரல் அகல நீளம் போதும். அதையும் நேராகக் கண்ணருகே கொண்டுபோகாமல், புறங்கையில் மூன்று நான்கு முறை ஒட்டி எடுத்துப் பசையைக் குறைத்துக்கொள்ள வேண்டும். கண்ணைச் சுற்றியுள்ள தோல் முகத்திலேயே மெல்லியது.

கண்ணின் வெளிமூலையில், கீழ் இமை முடிகளுக்குச் சற்றுக் கீழே டேப்பைத் தொடங்கி, புருவத்தின் வால் இருக்கும் பக்கமாகச் சாய்த்து ஒட்டுங்கள். கீழ் இமையின் வளைவு அப்படியே மேலே நீண்டால் எந்த வழியில் போகுமோ அந்த வழி. கண்ணைத் திறந்து, கண்ணாடியில் நேராகப் பார்த்தபடிதான் ஒட்ட வேண்டும். ஒரு விரலால் தோலை இழுத்துப் பிடித்துக்கொண்டு ஒட்டினால், விரலை விட்டதும் தோல் திரும்பி, கோணமும் மாறிவிடும். ஒரு கண்ணை முடித்துவிட்டு மறுகண்ணுக்குப் போகும் பழக்கமும் வேண்டாம். இரண்டு டேப்பையும் முதலில் ஒட்டி, கை நீளத் தூரத்தில் தள்ளி நின்று பாருங்கள். ஒன்று ஏறியிருந்தால் உரித்து மாற்றலாம். இன்னும் மை தொடவில்லை என்பதால் இழப்பு எதுவும் இல்லை.

ஒரு வங்கி ஊழியர் தங்கையின் வரவேற்புக்குத் தானே போட்டுக்கொள்ள வேண்டும் என்று வந்தார். வலது கண்ணில் டேப் அழகாக உட்கார்ந்தது. இடது கண்ணிலோ மேல் இமையின் மடிப்பு வெளிமூலையில் சற்று இறங்கியிருந்தது. கண்ணை மூடினால் விங் நேராக இருக்கும். திறந்தால் மடிப்பு அதன் நடுவை விழுங்கி, கோடு உடைந்து தெரியும். “ரெண்டு கண்ணும் ஒரே மாதிரிதானே ஒட்டினேன், ஏன் அக்கா இப்படி?” என்றார். ஒரே மாதிரி ஒட்டியதுதான் காரணம். இடது டேப்பின் சாய்வைக் குறைத்து, விங் அந்த மடிப்புக்கு அடியில் நழுவிப் போகும்படி வைத்தோம். பிறகு வலது டேப்பையும் அதே அளவு தாழ்த்தினோம். கடினமான கண் எவ்வளவு இடம் தருகிறதோ அதை வைத்து இரண்டையும் தீர்மானிப்பதே என் முறை. எளிதான கண்ணில் தொடங்கினால், அது கேட்கும் உயரத்தை மற்றது தரமுடியாமல் போகும்.

வரையும்போது முழங்கை மேசையில் இருக்கட்டும், சுண்டுவிரல் கன்னத்தில் ஊன்றட்டும். கண்ணாடியைத் தாழ வைத்து முகவாயை உயர்த்தினால், கீழே பார்க்கும் கண்ணில் இமை விரிந்து கிடைக்கும். புதியவர்களுக்குத் திரவ லைனரைவிட, சாய்வாக வெட்டிய சிறு பிரஷ்ஷில் எடுக்கும் ஜெல் லைனர் நல்லது, வழியாது. விங் எங்கே முடியவேண்டுமோ அங்கே ஒரு புள்ளி. வெளிமூலையிலிருந்து ஐந்தாறு மில்லிமீட்டர் தாண்டினால் தொடக்கத்துக்குப் போதும். அந்தப் புள்ளியிலிருந்து கண் மூலைக்குச் சிறுசிறு தீற்றல்களாக வாருங்கள். நீண்ட ஒற்றை இழுப்பில் நடுக்கம் முழுவதும் தெரியும்; குட்டித் தீற்றல்களில் ஒன்றின் கோணலை அடுத்தது மூடிவிடும்.

பிரஷ்ஷின் திசையில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. டேப்பின் மேல் வைத்து, அங்கிருந்து தோலுக்கு இழுக்க வேண்டும். தோலிலிருந்து டேப்பை நோக்கித் தள்ளினால் மை விளிம்புக்கு அடியில் புகுந்துவிடும். டேப் ஒட்டி ஜன்னல் ஓரத்துக்குப் பெயிண்ட் அடிப்பவரும் இதே கவனத்தோடுதான் தூரிகையை நகர்த்துவார். இவ்வளவு செய்தும் கோட்டில் முடி முளைத்ததுபோல் பிசிறு வந்தால், தோலில் எண்ணெய்ப் பசை இருக்கிறது என்று பொருள். காலையில் பூசிய சன்ஸ்கிரீனோ மாய்ஸ்சரைசரோ டேப்பை ஒட்டவிடவில்லை. அந்த இடத்தைத் துடைத்து, துளி பவுடர் தொட்டு, மறுபடி ஒட்டுங்கள். முகத்துக்கு ஃபவுண்டேஷன் போடும் முன்பே கண்ணை முடித்துவிடுவதும் இதற்காகத்தான். இல்லாவிட்டால் டேப் அதையும் சேர்த்து உரித்துக்கொண்டு வரும்.

டேப் காப்பாற்றுவது விங்கின் கீழ் விளிம்பை மட்டுமே. மேல் விளிம்பு உங்கள் கையில்தான் இருக்கிறது. ஆனால் பார்ப்பவர் கண்ணில் முதலில் படுவது கீழ் விளிம்பின் கூர்மை. மேல் விளிம்பு இமையின் நிழலோடும் முடிகளோடும் கலந்துவிடுவதால் சிறு கோணல் அங்கே தெரியாது. விங்கின் நுனியிலிருந்து இமையின் நடுப்பகுதிக்கு ஒரு கோடு இழுத்து, இடையில் வரும் முக்கோணத்தை நிரப்புங்கள். பிறகு முடிகளின் வேரை ஒட்டி உள்மூலை வரை மெலிதாக நிரவலாம். மேலே மேடு பள்ளமாக இருந்தால் தடிமனை ஏற்றிச் சரிசெய்யப் பார்க்காதீர்கள். ஒரு கண் தடித்ததும் மறுகண்ணையும் தடிக்க வைக்கத் தோன்றும். அதற்கு முடிவே இராது. மை காய்ந்தபின் தட்டையான சிறு பிரஷ்ஷில் கன்சீலர் தொட்டு மேல் விளிம்பைச் சீவிவிட்டால் போதும்.

வரைந்த அதே நேரத்தில் புறங்கையில் ஒரு பொட்டு மை வைத்துக்கொள்ளுங்கள். அதைத் தொட்டு, விரலில் ஒட்டாத பிறகே டேப்பில் கை வைக்கலாம். உரிக்கும்போது வெளிமுனையில் தொடங்கி, டேப்பைத் தன்மீதே மடித்தாற்போல், கோட்டை விட்டு விலகிக் கன்னத்துப் பக்கமாக மெல்ல இழுக்க வேண்டும். மறுகை விரல் தோலை அமர்த்திப் பிடித்திருக்கட்டும்.

ரெட்டினால் கிரீம் பூசுகிறவர்கள், கண்ணருகே அரிப்போ தடிப்போ உள்ளவர்கள், வயதாகித் தோல் மெலிந்தவர்கள் டேப்பைத் தொடவேண்டாம். பழைய விசிட்டிங் கார்டு ஒன்றின் விளிம்பைக் கன்னத்தில் அணைத்துப் பிடித்துக்கொண்டாலும் கோடு வரும். சிலர் கரண்டிக் காம்பை வைக்கச் சொல்வார்கள். அது வளையாது, கண் மூலையின் குழிவில் சரியாகப் பதியாது. கார்டைப் பிடிக்கும் கையும் நடுங்குமானால், அடர்பழுப்பு ஐஷேடோ பவுடரால் முதலில் வரையுங்கள். பவுடர் இயர்பட்ஸில் துடைத்தால் போய்விடும். திருப்தியாக வந்தபின் அதன்மேல் ஜெல் ஓட்டலாம்.

விசேஷ நாளன்று முதல்முறையாக முயலாதீர்கள். அதற்கு முன் சில மாலைகளில், மையைத் தொடாமல் டேப்பை மட்டும் இரண்டு கண்களுக்கும் ஒட்டிப் பார்த்து, சரியான சாய்வு தெரிந்ததும் கை நீளத்தில் போனைப் பிடித்து ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அன்றைக்கு அந்தப் படத்தைப் பார்த்து ஒட்டினால் போதும்.