முப்பத்தொன்று முப்பத்தொன்றாகவே இருந்தது



தரங்கம்பாடிப் பயணத்தன்று காலையில் நடந்ததை உங்களில் பலர் அறிவீர்கள். ஐம்பது இருக்கைகள் கொண்ட பேருந்து ஆலய வாசலில் நின்றது. ஏறுவதற்கு ஐம்பத்தாறு பேர் நின்றார்கள். இரண்டு சிறு பிள்ளைகள் மடியில் அமர்ந்தார்கள். மூன்று வாலிபர்கள் அரசுப் பேருந்தில் வருவதாகச் சொல்லிப் புறப்பட்டார்கள். மீதியிருந்த ஒருவர், நம் சபையின் வயது முதிர்ந்த ஒரு தாயார். "இன்னொரு முறை வருகிறேன் ஐயா" என்று சொல்லி, கையில் இருந்த தண்ணீர்ப் புட்டியோடு வீட்டுக்குத் திரும்பி நடந்தார். சீகன்பால்கு 1706-இல் வந்திறங்கிய கரையையும், 1718-இல் கட்டி முடித்த புதிய எருசலேம் ஆலயத்தையும் ஒரு முறை பார்த்துவிட வேண்டும் என்று பல ஆண்டுகளாகச் சொல்லிக்கொண்டிருந்தவர் அவர்.

அன்று நடந்த பிழை என்னுடையது. அது எங்கே நேர்ந்தது என்பதை அறிய, மறுநாள் மாலை ஆராதனை முடிந்தபின் ஒரு நோட்டுப்புத்தகத்தோடு அமர்ந்தேன். செயலாளர் எனக்கு இரண்டு ஸ்கிரீன்ஷாட்டுகள் அனுப்பியிருந்தார்: செவ்வாய் இரவு ஒன்று, வியாழன் மாலை ஒன்று. இரண்டிலும் நம் வாட்ஸ்அப் குழுவில் நடந்த வாக்கெடுப்பு இருந்தது. "வருகிறேன்" 31, "குடும்பமாக வருகிறோம்" 14, "முடிவாகவில்லை" 9, "வர இயலாது" 12. முதல் இரண்டையும் கூட்டினால் 45. ஐம்பது இருக்கைகளில் ஐந்து மீதி என்று எண்ணி நிம்மதியாக இருந்துவிட்டேன். அந்த 45 எதனுடைய எண்ணிக்கை என்று ஒரு முறைகூட நான் கேட்டுக்கொள்ளவில்லை.

வாக்கெடுப்புக்கு எதிரே தெரியும் எண், விரல் பதிந்த தடவைகளின் எண். அது ஆட்களின் எண் ஆகாது. ஒருவர் பல விடைகளைத் தேர்ந்துகொள்ளும் அனுமதியை அந்தச் செயலி தானாகவே திறந்து வைத்திருக்கிறது. உருவாக்குகிறவர் நினைவாக அதை அணைக்க வேண்டும். நம் வாக்கெடுப்பில் ஒருவரும் அணைக்கவில்லை. நான்கு எண்களையும் கூட்டினால் 66 வந்தது. செயலாளரின் கைபேசியில் வாக்களித்தோர் பட்டியலைத் திறந்து, பெயர் பெயராக நோட்டில் எழுதிப் பார்த்தபோது வாக்களித்தவர்கள் 58 பேரே. (அந்தப் பட்டியலை முழுவதும் விரித்துப் பார்க்க வேண்டும், பெயர்கள் மிகுந்தால் சிலவற்றைக் காட்டி மீதியை மடித்து வைத்திருக்கிறது. அதன்றியும், பெயர்கள் அவரவர் கைபேசியில் பதிந்தபடியே தோன்றும். செயலாளரின் திரையில் நம் மூப்பர் ஒருவர் "பால் பண்ணை" என்று இருந்தார். அவரைக் கண்டுபிடிக்கச் சற்று நேரம் ஆயிற்று.)

எட்டுப் பேர் இரண்டு இடங்களில் இருந்தார்கள். ஐவர் "வருகிறேன்" என்றும் "குடும்பமாக வருகிறோம்" என்றும் தொட்டிருந்தார்கள். அதில் தவறில்லை, இரண்டும் உண்மையே. இருவர் "வருகிறேன்", "முடிவாகவில்லை" இரண்டிலும் இருந்தார்கள். அவர்களைத் தயங்குகிறவர்களோடு சேர்த்தேன். ஒருவர் "வருகிறேன்" என்பதிலும் "வர இயலாது" என்பதிலும் இருந்தார். இதற்கு நானாகத் தீர்ப்புச் சொல்லாமல் அவரையே தொலைபேசியில் கேட்டேன். பிள்ளைக்குக் காய்ச்சல் வந்ததும் இரண்டாவதைத் தொட்டாராம். முதலில் தொட்டதை மறுபடியும் தொட்டு நீக்க வேண்டும் என்பது அவருக்குத் தெரியவில்லை. ஆக, 31-இல் எட்டுப் பேர் கழிந்து 23 பேர் நின்றார்கள்.

இனி அந்தப் பதினான்கு. ஒரு வாக்குக்கு எத்தனை பேர்? மூன்று வீடுகளில் கணவர், மனைவி இருவரும் "குடும்பமாக" என்று தொட்டிருந்தபடியால் வீடுகள் பதினொன்றே. ஒவ்வொரு வீட்டையும் அழைத்துக் கேட்டேன். மொத்தம் 36 பேர். தனியாக வருகிறவர்கள் என்று நான் கொண்ட 23 பேரில் நால்வர் அந்த வீடுகளின் பிள்ளைகளும் துணைகளுமாக இருந்தார்கள். அவர்களையும் கழித்தால் 19. பத்தொன்பதும் முப்பத்தாறும் 55. பேருந்தில் ஐந்து இடம் மீதி என்று நான் மகிழ்ந்திருந்த நேரத்தில், உண்மையில் ஐந்து இடம் குறைவாக இருந்தது!

இரண்டு ஸ்கிரீன்ஷாட்டுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தபோது வேறொன்று தெரிந்தது. செவ்வாயன்று 31, வியாழனன்றும் 31. யாரும் விலகவில்லை என்றே நான் கொண்டேன். ஆனால் செவ்வாய் இரவில் செயலாளர் பெயர்ப் பட்டியலையும் படமெடுத்து வைத்திருந்தார். வியாழன் பட்டியலில் அந்தப் பெயர்களைத் தேடினால் மூன்று பெயர்கள் இல்லை. புதிதாக மூன்று பெயர்கள் இருந்தன. விலகிய மூவரில் ஒருவர் "வர இயலாது" என்பதற்கு மாறியிருந்தார். மற்ற இருவர் எந்த விடையிலும் இல்லை. தம் வாக்கைத் திரும்பப் பெற்றவரைப் பற்றி வாக்கெடுப்பு ஒரு சுவடும் வைப்பதில்லை. ஏற்கெனவே வாக்களிக்காமல் இருந்த பதின்மூன்று பேருக்கும் அவர்களுக்கும் திரையில் வேற்றுமை இல்லை. முந்தைய பட்டியல் கையில் இருந்தால்தான் ஒருவர் இருந்து போனார் என்பதே தெரியும். எண்ணை எண்ணோடு ஒப்பிட்டால் தெரியாது. பெயரைப் பெயரோடு ஒப்பிட வேண்டும்.

அந்த இருவரில் ஒருவரை நான் திங்களன்று சந்திக்கச் சென்றேன். பயணக் கட்டணம் அந்த வாரத்தில் அவர் கையில் இல்லை. குழுவில் எழுத வெட்கப்பட்டு, ஓசையின்றி விரலை எடுத்துவிட்டார். வியாழன் மாலையே பெயர்களைப் பார்த்திருந்தால் வெள்ளிக்கிழமையே சென்றிருப்பேன்.

திரை காட்டாதது இன்னும் உண்டு. உறுதி சொன்ன 55 பேரில் ஐவர் சனிக்கிழமை காலை வரவில்லை. தயங்கிய ஒன்பது பேரில் நால்வர் வந்தார்கள். "வர இயலாது" என்று தொட்ட ஒருவர் சிற்றுண்டிப் பொட்டலத்தோடு முதல் ஆளாக வந்து நின்றார். தகப்பனுக்கு இல்லையென்று சொல்லிவிட்டுப் பிறகு திராட்சத்தோட்டத்துக்குப் போன மூத்த மகன் அன்று என் நினைவுக்கு வந்தான். போகிறேன் என்று சொல்லிப் போகாத மகனும் கூடவே வந்தான். தயங்குகிறவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு இடம் வைக்க வேண்டும் என்று இப்போது குறித்து வைத்திருக்கிறேன். ஒரு பயணத்தில் கண்ட கணக்கு அது. அடுத்த முறை மாறலாம்.

ஐம்பத்தைந்தில் ஐவர் போக ஐம்பது; அதனோடு நால்வர், ஒருவர்: ஐம்பத்தைந்து. ஐம்பத்தாறாவது ஆள் அந்தத் தாயார். அவர் எந்தப் பட்டியலிலும் இல்லை. அவரிடம் கைபேசி இல்லை. முந்தின ஞாயிறு ஆலய வாசலில் என் கையைப் பிடித்து, "நானும் வருகிறேன் ஐயா" என்றார். "சரி அம்மா" என்றேன். அதை நான் எங்கும் எழுதவில்லை.

வருகிற மாதம் மறுபடியும் தரங்கம்பாடிக்குப் போகிறோம். இம்முறை வாக்கெடுப்பில் ஒரு விடை மட்டுமே தொட இயலும். வீட்டுக்கு ஒருவர் தொட்டால் போதும். "ஒருவர்", "இருவர்", "மூவர்", "நால்வர்", "ஐவரும் அதற்கு மேலும்", "முடிவாகவில்லை", "வர இயலாது" என்று விடைகள் இருக்கும். ஐவருக்கு மேற்பட்ட வீட்டார் எண்ணிக்கையைச் செயலாளரிடம் சொல்லுங்கள். புதன் இரவும் வெள்ளி காலையும் பெயர்ப் பட்டியலைப் படமெடுத்து இரண்டையும் ஒப்பிடுவோம். மனம் மாறினால் தயங்காமல் மாற்றிக்கொள்ளுங்கள். காரணம் குழுவில் எழுத வேண்டியதில்லை, நான் அழைத்தால் மட்டும் எடுங்கள். குழுவில் இல்லாதவர்களுக்காக ஆலய வாசலில் ஒரு நோட்டு இருக்கிறது. அதன் முதல் வரியில் ஒரு பெயர் ஏற்கெனவே எழுதப்பட்டிருக்கிறது. எதிரே, ஜன்னல் ஓரம் என்று குறித்திருக்கிறேன்.