எழுதாமல் விட்ட ஒரு வரி

இரண்டாமாண்டு பி.எஸ்ஸி., கணினி அறிவியல்

எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். அப்பா கடலூர் முதுநகரில் கொத்தனார். சிதம்பரத்தில் விதைக்கடை வைத்திருக்கும் மாமாவுக்கு, "கம்ப்யூட்டர் படிக்கிற மருமகன்" என்பதில் பெருமை அதிகம். அந்தப் பெருமைக்கு நான் வைத்த சோதனைதான் இக்கட்டுரை.

கடையில் ரசீது அடிக்கும் ஒரு சிறிய பைத்தான் நிரல் உண்டு. வாடிக்கையாளரின் ஊர் முதலில் வரும். தொகை வரியின் கடைசியில் வரும். "கடலூர்" சரியாக விழுந்தது. "சிதம்பரம்" மட்டும் புள்ளி போய் "சிதம்பரம" என்று விழுந்தது. எனக்கோ பருவத் தேர்வு நெருங்கிவிட்டது. ஆகவே கோயம்புத்தூரில் தனியாக இத்தகைய வேலை செய்து தரும் ஒருவரிடம் ஒப்படைத்தேன். கூலி ஆயிரத்து ஐந்நூறு ரூபாய், மாமாவின் பணம். நான் எழுதி அனுப்பியது ஒரே வரி: "ரசீதில் ஊர்ப் பெயர் வெட்டுப்படுகிறது, சரி செய்யவும்."

அவர் நிரலைப் பார்த்தார். அதில் இப்படி இருந்தது:

```
oor = name[:8]
```

வெட்டுவது இதுதானே என்று அந்த எட்டை எடுத்துவிட்டார். சொன்ன வேலையைச் செவ்வனே முடித்துவிட்டார் என்றுதான் சொல்ல வேண்டும். மறுநாள் காட்டுமன்னார்கோயில்காரர் ஒருவருக்கு ரசீது அடித்தபோது, நீண்ட பெயர் தொகையை வலப்பக்கம் தள்ளி, 1450 என்பது 145 ஆகத் தாளில் விழுந்தது. கடைசி இலக்கம் தாளுக்கு வெளியே போய்விட்டது! மாமா ஒன்றும் சொல்லவில்லை. பழைய ரசீதுப் புத்தகத்தை எடுத்துக் கையால் எழுதத் தொடங்கினார். அந்த மௌனம் திட்டியதைவிடச் சுட்டது.

தாளின் அகலம் 58 மில்லிமீட்டர்தான். அதற்காகவே அந்த எட்டு. இது எனக்குத் தெரியும். தெரிந்ததாலேயே எழுதத் தோன்றவில்லை. கடையை ஒருநாளும் பார்த்திராத மனிதருக்கு அது எப்படித் தெரியும்?

அன்றிரவு அப்பாவிடம் சொன்னேன். அவர் சொன்னார்: "வெளியூர் ஆளை வச்சு வேலை வாங்குறப்ப, எந்தச் சுவரை இடிக்கணும்னு மட்டும் சொன்னாப் போதாதுப்பா. எந்தச் சுவரு மேல தளம் நிக்குதுன்னும் சொல்லணும்."

மறுபடி எழுத உட்கார்ந்தேன். இம்முறை ஒரு பக்கம் ஆயிற்று. முதலில், இது என்ன கடை, யார் ரசீது அடிக்கிறார்கள், தாள் எவ்வளவு அகலம் என்று நான்கு வரி. பிறகு `receipt.py` என்ற கோப்பை எப்படி ஓட்டுவது என்பது. அதன்பின், இப்போது நடப்பதும் நடக்க வேண்டியதும், உண்மையான பெயர்களோடு:

சிதம்பரம்: இப்போது "சிதம்பரம", வேண்டியது "சிதம்பரம்".
பரங்கிப்பேட்டை: இப்போது "பரங்கிப்", வேண்டியது முழுப் பெயர்.
காட்டுமன்னார்கோயில்: வேண்டியது "காட்டுமன்னார்கோ".

இந்த உதாரணங்களை எழுதும்போதுதான் நோயின் மூலமே எனக்குப் புரிந்தது. கணினி நம் எழுத்தை எண்ணுவதில்லை, குறியீட்டை எண்ணுகிறது. "ம்" நமக்கு ஓர் எழுத்து. அதற்கு ம ஒன்று, புள்ளி ஒன்று. "சிதம்பரம்" நமக்கு ஆறெழுத்து, கணினிக்கு ஒன்பது. எட்டில் வெட்டினால் கடைசிப் புள்ளி போகத்தானே செய்யும்? "கடலூர்" கணினிக்கு ஆறுதான். அதனால் அது தப்பியது.

இறுதியாக இரண்டு வரிகள். தொடக்கூடாதது: தொகை கணக்கிடும் பகுதி. வேலை முடிந்தது என்பதற்கு அடையாளம்: மேற்கண்ட மூன்று ஊர்களுக்கும் ரசீது அடித்தால், தொகையின் கடைசி இலக்கம் தாளுக்குள் தெரிய வேண்டும். எப்படிச் செய்வது என்று நான் எழுதவில்லை. அது அவர் தொழில்.

இன்னொரு தவற்றையும் ஒப்புக்கொள்கிறேன். முதல்முறை கடன் பாக்கிக் கோப்பையும் சேர்த்தே அனுப்பியிருந்தேன். யார் யார் எவ்வளவு தர வேண்டும் என்பதெல்லாம் அதில் இருந்தது. அதை அழித்துவிடும்படி அவரைக் கேட்டுக்கொண்டு, இம்முறை கற்பனைப் பெயர்கள் கொண்ட பத்து வரிக் கோப்பு அனுப்பினேன். வேலைக்கு அது தாராளமாகப் போதுமானதாக இருந்தது.

அவர் எழுத்தெழுத்தாக எண்ணும்படி மாற்றினார்:

```
import regex
oor = "".join(regex.findall(r"\X", name)[:8])
```

அதோடு நிற்கவில்லை. "எட்டெழுத்தானாலும் 'கோ' அகலம், 'ர' குறுகல். தொகை தெரிய வேண்டும் என்பதுதானே நோக்கம்? தொகையைத் தனியாக வலப்பக்க ஓரத்தில் நிறுத்திவிடுகிறேன்" என்று எழுதினார். நோக்கத்தைச் சொன்னதால் வந்த யோசனை அது. எனக்கு அது தோன்றவே இல்லை.

இரண்டாம் முறைக்கான கூலியை நான் டியூஷன் எடுத்த பணத்திலிருந்து கொடுத்தேன். மாமா ரசீதுப் புத்தகத்தை மேசைக்குள் வைத்துவிட்டார். ஆனாலும் அதைத் தூக்கிப் போடவில்லை.