எந்த எண் எந்த வரிக்கு

செபராங் ஜெயாவில் என் சின்னம்மா கறித்தூள் விற்கிறார். கார்னிவல் மாலுக்குப் பின்புறமுள்ள அடுக்குமாடியில் வீடு. மல்லி, மிளகாய், சோம்பு எல்லாம் வறுத்து, பிறை மில்லில் அரைத்து, 250 கிராம் பாக்கெட்டாகக் கட்டி இணையத்தில் போடுவார். விலை ஒன்பது வெள்ளி. வாங்குகிறவர்களில் பாதிக்கு மேல் மலாய்க்காரர்கள் என்பதால் பொருள் விவரமும் மலாயில்தான்.

அந்த விவரத்தை வைத்துத்தான் வீட்டில் சண்டை. சின்னம்மா எழுதியது ஒரு கதை: தோட்டத்தில் பாட்டி அம்மியில் அரைத்தது, அந்த வாசம், மூன்று தலைமுறை. கடைசி வரியில்தான் எடை வரும். அவர் மகள் தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை செய்கிறாள். அவள் எழுதியதில் கதையே இல்லை. ஒரு கிலோ ஆட்டுக்கறிக்கு எத்தனை கரண்டி, காரம் எவ்வளவு, உப்பு சேர்க்கவில்லை, திறந்த பிறகு எத்தனை மாதம் தாங்கும். அவ்வளவுதான். "யாரும்மா கதை படிக்கிறா? அளவச் சொல்லுங்க" என்பது அவள் கட்சி. "அளவு எல்லா கடையிலயும் இருக்கு. பாட்டி இங்கதான் இருக்காங்க" என்பது சின்னம்மா கட்சி. கணக்குப் பார்க்கும் வேலை என்னிடம் வந்தது.

கடைக்காரர் பக்கத்தில் மூன்று எண்கள் தெரியும். தேடலில் பொருள் எத்தனை முறை கண்ணில் பட்டது என்பது பார்வை. படத்தைத் தொட்டு உள்ளே வந்தவர்கள் கிளிக். வாங்கியவர்கள் ஆர்டர். மூன்றும் ஒரே வரிசையில் இருப்பதால் மூன்றுமே விவரத்துக்கான மதிப்பெண் போலத் தோன்றும். ஆனால் தேடலில் பொருள் வந்து நிற்கும்போது வாங்குகிறவர் கண்ணில் படுவது படம், தலைப்பு, விலை, நட்சத்திரம். விவரம் உள்ளே இருக்கிறது. கிளிக் செய்த பிறகுதான் அதைப் படிக்க முடியும். படிக்காத ஒன்றைப் பார்த்து யாரும் கிளிக் செய்ய முடியாது. ஆக கிளிக் கூடினால் பாராட்டு படத்துக்கும் தலைப்புக்கும் போக வேண்டும். விவரத்தை எடைபோட ஒரே ஓர் அளவுதான் மிச்சம்: உள்ளே வந்த நூறு பேரில் எத்தனை பேர் வாங்கினார்கள்.

முதலில் அவர்களே ஒரு வாரம் கதையையும் அடுத்த வாரம் அளவையும் போட்டுப் பார்த்திருந்தார்கள். கதை வாரத்தில் 400 கிளிக், 12 ஆர்டர். அளவு வாரத்தில் 410 கிளிக், 19 ஆர்டர். "ஏழு ஆர்டர் கூட! இன்னும் என்ன வேணும்?" என்றாள் தங்கச்சி.

நாணயத்தைச் சுண்டிப் பார்ப்போம். இரண்டு விவரமும் ஒரே தரம் என்று வைத்துக்கொண்டால், ஒவ்வோர் ஆர்டரும் பூவா தலையா போல ஏதோ ஒரு பக்கம் விழும். 31 தடவை சுண்டினால் 19க்கு 12 என்றோ அதைவிடக் கோணலாகவோ விழுவதற்கு நூற்றில் சுமார் 28 வாய்ப்பு உண்டு. அதாவது வித்தியாசமே இல்லாவிட்டாலும் நான்கில் ஒரு தடவைக்கு மேல் இப்படி நடக்கும். கிளிக் இரண்டு பக்கமும் ஏறக்குறைய சமமாக இருந்தால் மனக்கணக்குக்கு ஒரு வழி இருக்கிறது. மொத்த ஆர்டரின் வர்க்கமூலத்தை இரண்டால் பெருக்குங்கள். 31க்கு அது சுமார் 11. ஆர்டர் வித்தியாசம் அதைத் தாண்டினால்தான் பேச ஏதோ இருக்கிறது. ஏழு தாண்டவில்லை.

இன்னொரு சிக்கல், கதை ஓடியது மாதக் கடைசி வாரத்தில். அளவு ஓடியது சம்பளம் வந்த வாரத்தில். கையில் காசு இருக்கும் வாரத்தில் எதைப் போட்டிருந்தாலும் ஆர்டர் ஏறியிருக்கும்.

இந்தச் சிக்கல் இணையத்தோடு பிறந்ததல்ல. அமெரிக்காவில் அஞ்சல் வழி விற்றவர்கள் ஒவ்வொரு விளம்பரத்தின் கூப்பனிலும் வெவ்வேறு குறியீடு அச்சிட்டு, திரும்பி வந்தவற்றை எண்ணினார்கள். கிளாட் ஹாப்கின்ஸ் 1923இல் எழுதிய சயன்டிஃபிக் அட்வர்டைசிங் என்ற நூல் அந்தப் பழக்கத்தின் மீது நிற்பது. பிறகு பத்திரிகைகள் ஒரே நாளின் பிரதிகளில் ஒன்றுவிட்டு ஒன்றில் வேறு விளம்பரத்தை அச்சிட்டுக் கொடுத்தன. ஒரே நாள், ஒரே ஊர், ஒரே வானிலை. வாசகம் மட்டும் வேறு. அதுதான் நேர்மையான ஒப்பீடு.

சின்னம்மா விற்கும் தளத்தில் ஒரே பொருளை இருமுறை பட்டியலிட அனுமதியில்லை. அதனால் நாள் மாற்றி நாள் விவரத்தை மாற்றினோம். தினமும் நள்ளிரவில் தங்கச்சி ஒன்றை எடுத்து இன்னொன்றை ஒட்டுவாள். ஒற்றைப்படைத் தேதி, இரட்டைப்படைத் தேதி என்று பிரிக்கக் கூடாது. 31ஆம் தேதிக்குப் பின் 1ஆம் தேதி வந்து ஒரே விவரம் இரண்டு நாள் தொடர்ந்து ஓடிவிடும். வெறுமனே மாற்றிக்கொண்டே போனால் போதும். வாரத்துக்கு ஏழு நாள் என்பதால், இந்த ஞாயிறு கதைக்கென்றால் அடுத்த ஞாயிறு தானாகவே அளவுக்குப் போகும். பதினான்கு நாளில் எல்லாக் கிழமையும் இரண்டுக்கும் ஒரு முறை கிடைத்துவிடும். படம், தலைப்பு, விலை, தள்ளுபடி எதையும் தொடவில்லை.

எத்தனை நாள் என்பதையும் தொடங்கும் முன்பே முடிவு செய்தோம். நூற்றுக்கு 3 ஆர்டருக்கும் நாலரை ஆர்டருக்கும் உள்ள வித்தியாசத்தை நம்பிக்கையோடு பிடிக்க, ஒவ்வொரு விவரத்துக்கும் ஏறக்குறைய 2,500 கிளிக் வேண்டும். வாரத்துக்கு 400 சொச்சம் வரும் கடைக்கு அது 12 வாரம். சின்னம்மா வாயைப் பிளந்தார். ஐந்தாவது வாரத்தில் மகள் கட்சி நன்றாக முந்தியிருந்தது, "இப்பவே நிறுத்திடலாமா?" என்று கேட்டாள். தினமும் எட்டிப் பார்த்து, நமக்குப் பிடித்த பக்கம் முந்தும் நாளில் நிறுத்தினால், சும்மா சுண்டும் நாணயமும் என்றாவது ஒருநாள் ஜெயித்துவிடும். நிறுத்தவில்லை.

பன்னிரண்டு வாரம் முடிந்தபோது கதைக்கு 2,480 கிளிக், 77 ஆர்டர். அளவுக்கு 2,510 கிளிக், 113 ஆர்டர். மொத்தம் 190. அதன் வர்க்கமூலத்தின் இரு மடங்கு சுமார் 28. வித்தியாசம் 36. இந்தத் தடவை தாண்டியது. நூறு கிளிக்குக்கு சுமார் 1.4 ஆர்டர் கூடுதல். ஆனால் அந்த 1.4ஐக் கல்லில் செதுக்க முடியாது. இவ்வளவு கிளிக்கை வைத்துப் பார்த்தால் உண்மையான வித்தியாசம் 0.3ஆகவும் இருக்கலாம், 2.5ஆகவும் இருக்கலாம். அளவு முந்துகிறது என்று சொல்லலாம். எவ்வளவு தூரம் என்று அடித்துச் சொல்ல முடியாது.

இந்தக் கணக்குக்குள் சில கசிவுகளும் உண்டு. திங்களன்று கதையைப் படித்துக் கூடையில் போட்டவர் செவ்வாயன்று காசு கட்டினால், அந்த ஆர்டர் அளவின் கணக்கில் ஏறும். ஏற்கெனவே மூன்று முறை வாங்கியவர் விவரத்தைப் படிக்கவே மாட்டார், எந்த நாளிலும் வாங்குவார். இரண்டுமே இரு பக்கத்தையும் ஒன்றுபோலக் காட்டும் கசிவுகள், ஆகவே உண்மையான இடைவெளியைக் கொஞ்சம் சுருக்கித்தான் காட்டியிருக்கும்.

சின்னம்மா தாளை வாங்கி நீண்ட நேரம் பார்த்தார். "அப்ப பாட்டி கதையை யாருக்கும் பிடிக்கலையா?" என்றார். அதற்கு இந்த எண்களில் பதில் இல்லை. இரண்டு விவரத்துக்கும் நடுவில் கதை மட்டும் மாறவில்லை. கரண்டி அளவு, காரம், உப்பு, கெடு எல்லாம் ஒரு பக்கத்தில் மட்டும் இருந்தன. கதை ஆட்களைத் துரத்தியதா, அல்லது எத்தனை கரண்டி என்று தெரியாமல் ஆட்கள் தயங்கினார்களா என்று பிரிக்க முடியாது. முழு விவரத்தையும் மாற்றி ஒப்பிட்டால் முழு விவரத்தைப் பற்றித்தான் தெரியும். ஒரு வரியைப் பற்றித் தெரிய வேண்டுமென்றால் அந்த ஒரு வரியை மட்டும் மாற்ற வேண்டும்.

இப்போது அளவு விவரம் அப்படியே ஒரு நாள் ஓடுகிறது. மறுநாள் அதே விவரத்தின் கீழே பாட்டியைப் பற்றி இரண்டு வரி. மூன்றாவது வாரம் நடக்கிறது. 38க்கு 35. எந்தப் பக்கம் 38 என்று நான் இருவருக்கும் இன்னும் சொல்லவில்லை.