கோணல் சுவர்க் கணக்கு

மே 9

ராத்திரி அப்பாவின் அறையில் டமால் என்று ஒரு சத்தம். ஓடிப்போய் விளக்கைப் போட்டால், தரையின் நடுவில் நாலைந்து டைல்ஸ் ஒன்றையொன்று முட்டி எழும்பி நிற்கின்றன. அப்பா கட்டிலில் உட்கார்ந்துகொண்டு, "யாரு, யாரு?" என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். கால் வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அப்புறம்தான் தோன்றியது.

மே 10

கட்டில் கூடத்துக்கு வந்துவிட்டது. அப்பா யாரோடும் பேசவில்லை.

மே 12

மேஸ்திரி வந்தார். சுத்தியலின் கட்டையால் அறை முழுக்கத் தட்டிக்கொண்டே போனார். பாதி இடத்தில் உள்ளே காலி என்பது காதுக்கே தெரிந்தது.

"இடைவெளி விடாம நெருக்கி ஒட்டியிருக்காங்கக்கா. வெயிலுக்கு அது கொஞ்சம் விரியும். நாலு பக்கமும் சுவர். எங்க போவும்? மேலதான் வரும்."

மொத்தத்தையும் பெயர்க்க வேண்டுமாம். இந்தமுறை நடுவில் 2 மி.மீ. ஸ்பேசர் வைப்பார், சுவரோரமும் சந்து விடுவார், அதை ஸ்கர்ட்டிங் மறைத்துவிடும். "டைல்ஸ நீங்க எடுத்துக் குடுத்துருங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

மே 13

அளந்தேன். வடக்குச் சுவர் 420 செ.மீ., தெற்கு 330, மேற்கு 390. கிழக்குச் சுவர் சரியாக 4 மீட்டர். தெரு வளைகிற இடத்தில் வீடு இருப்பதால் அந்தச் சுவரும் தெருவோடு சேர்ந்து சாய்ந்துவிட்டது. இத்தனை வருஷமாக அந்த மூலையில் பீரோ ஒட்டி நிற்காததற்கு பீரோவைத்தான் திட்டிக்கொண்டிருந்தோம்.

நாலு பக்க நீளம் மட்டும் தெரிந்தால் வடிவம் தெரியாது. தீப்பெட்டியைச் சாய்ப்பது போல அதே நீளங்களோடு அறையும் சாய்ந்திருக்கலாம். அதனால் மூலைமட்டம் பார்த்தேன். மூலையிலிருந்து ஒரு சுவரில் 3 அடி, மறு சுவரில் 4 அடி குறித்தால் குறுக்கே 5 அடி வரவேண்டும். மேற்கின் இரண்டு மூலைகளிலும் வந்தது. வடகிழக்கில் 4 அடி 5 அங்குலம்தான். ஆக, கோணல் ஒரே சுவரில்.

வடமேற்கு மூலையில் ஒரு தூண் துருத்திக்கொண்டிருக்கிறது, 23-க்கு 30.

மே 14

கடை. கல்லாவில் இருந்தவர் கால்குலேட்டரைத் தட்டினார்: 157 சதுர அடி, "2-க்கு 2" டைல்ஸ், பெட்டிக்கு 4, அதாவது 16 சதுர அடி. வேஸ்ட் 10 சதவீதம் சேர்த்து 11 பெட்டி. அரை நிமிஷம்கூட ஆகவில்லை.

பெட்டியின் மேல் 600 x 600 மி.மீ. என்று அச்சாகியிருக்கிறது. அது இரண்டடி இல்லை, இரண்டடிக்கு ஏறக்குறைய 1 செ.மீ. குறைவு. ஒரு பெட்டி விரிவது பதினைந்தரை சதுர அடிதான். அதே 10 சதவீதத்தை இதில் போட்டால் 12 பெட்டி. ஸ்கர்ட்டிங் இன்னும் கணக்கிலேயே இல்லை.

வெள்ளையில் சாம்பல் ரேகை ஓடும் டைல்ஸ் ரொம்பப் பிடித்திருந்தது.

மே 17

மூன்று நாளாகப் பரப்பளவை வைத்து மல்லுக்கட்டி அலுத்து, இன்று கிராஃப் தாளில் அறையை வரைந்தேன். ஒரு டைல்ஸுக்கு 2 செ.மீ. கட்டம். மேற்குச் சுவரிலும் வடக்குச் சுவரிலும் முழு டைல்ஸாகத் தொடங்கி வரிசை வரிசையாக எண்ணினேன்.

முதல் ஐந்து வரிசைக்கு ஏழேழு. ஆறாவதில் ஆறு. அதற்குக் கீழே 30 செ.மீ. மிச்சம், அங்கே அரை டைல்ஸ் ஆறு, அதாவது மூன்றை இரண்டிரண்டாக அறுத்தால் போதும். மொத்தம் 44. பரப்பைப் பரப்பால் வகுத்தால் 41தான் வருகிறது. அந்த மூன்றும் கோணல் சுவருக்குப் போகிற கூலி.

தூணுக்காக எதையும் கழிக்கவில்லை. அந்த இடத்துக்கும் ஒரு முழு டைல்ஸ் எடுத்து எல் வடிவில்தான் அறுக்க வேண்டும். தூண் பரப்பைக் குறைக்கிறது, டைல்ஸைக் குறைப்பதில்லை.

என்னை வதைப்பது ஐந்தாம் வரிசை. அதில் ஏழாவது டைல்ஸ் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு முக்கோணக் கீற்று: 20 செ.மீ. நீளம், அகலமான முனையிலேயே நாலரை. அதற்காக ஒரு முழு டைல்ஸா?

மே 18

அப்பா தாளைக் கேட்டு வாங்கினார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். நாற்பது வருஷத்துக்கு மேல் தையல்கடை வைத்திருந்தவர்.

"இந்த ரெண்டாவது வரிசையில வெட்டினதுபோக மிச்சம் எங்க?"

"அது வேஸ்ட்டுப்பா."

"யாரு சொன்னா?" மிச்சத் துண்டை அளக்கச் சொன்னார். ஒரு முனையில் 14, மறுமுனையில் 28. நாலாவது வரிசைக்கு வேண்டியது பதினெட்டரையில் தொடங்கி நாலரையில் முடிகிற துண்டு. சரிவு ஒன்றுதான். "புரட்டிப் போட முடியுமா?"

முடியாது, துணி மாதிரி இல்லை, ஒரு பக்கம்தான் முகம் என்றேன்.

"அப்ப சுத்திப் போடு. தலைய காலாக்கு."

தாளில் வெட்டி, அரைச்சுற்று சுற்றி வைத்துப் பார்த்தேன். சரிவு அப்படியே கோணல் சுவர்ப் பக்கம் வந்து நின்றது. அந்தப் பக்கம் 9 செ.மீ. சீவினால் அளவு சரி. அறுத்த விளிம்பு சுவரோரம் மறைந்துபோகும், தொழிற்சாலை விளிம்பு அடுத்த டைல்ஸோடு சேரும். கீற்றுக்கும் மிச்சத் துண்டு போதும். 44 இப்போது 42.

"இது ஒன்வேயா?" என்று கேட்டார். பூ ஒரே திசையில் ஓடும் துணியாக இருந்தால் சுற்றி வெட்டக் கூடாதாம்.

ஒன்பது நாளில் அவர் இவ்வளவு பேசியது இன்றுதான். உடனே மோர் கேட்டார், உப்பு பத்தவில்லை என்று திட்டினார்.

மே 19

கடைக்குப் போய் ரேகை டைல்ஸைக் கவிழ்த்துப் பார்த்தேன். பின்பக்கம் அம்புக்குறி இருக்கிறது. எல்லா அம்பும் ஒரே பக்கம் பார்க்க வேண்டும். சுற்றிய துண்டை வைத்தால் ரேகை எதிர்ப்பக்கம் ஓடும். ரேகை டைல்ஸையே எடுத்தால் மறுபடி 44.

ரேகை இல்லாத தந்த நிறத்தை எடுக்கப் போகிறேன். இரண்டு டைல்ஸுக்காக மனசை மாற்றிக்கொண்டேன் என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள்.

மே 21

ஸ்கர்ட்டிங்: சுற்றளவில் வாசலைக் கழித்தால் 14½ மீட்டர். நாலங்குலப் பட்டையாக அறுத்தால் ஒரு டைல்ஸில் ஐந்து. 25 பட்டை, 5 டைல்ஸ். மொத்தம் 47. உடைவதற்கும் பிற்பாடு மாற்றுவதற்கும் கொஞ்சம். 13 பெட்டி, 52.

கடையில் ஒரே பேட்ச் எண்ணில் 12 பெட்டிதான் இருக்கிறது. பதின்மூன்றாவது வேறு பேட்ச். இரண்டையும் வாசல் வெளிச்சத்தில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். ஒன்று லேசாக மஞ்சள். கடைப்பையன், "ஒட்டினா தெரியாதுங்க" என்றான். எனக்கு இப்போதே தெரிகிறதே!

மேஸ்திரிக்குப் போன் போட்டேன். "அந்தப் பெட்டிய ஸ்கர்ட்டிங்குக்கு வெச்சுக்கலாம்கா. நிக்கிற டைல்ஸ்ல கண்ணு நிக்காது. படுத்த டைல்ஸ்லதான் நிக்கும்." குறைகிற பட்டைகளைத் தரையில் மிஞ்சும் துண்டில் எடுத்துக்கொள்வாராம்.

மே 25

தரை வேலை ஆரம்பம். எல் துண்டு அறுக்கும்போதே உள்மூலையில் கீறி இரண்டானது. அடுத்ததில் மூலையில் முதலில் துளை போட்டுவிட்டு இரண்டு பக்கமிருந்தும் துளைவரைக்கும் அறுத்தார். நின்றது. "மொதல்லயே போட்டிருக்கலாமே அண்ணே" என்றேன். பதில் இல்லை.

மே 27

தரை முடிந்தது. கோணல் சுவரோரம் அப்பா கைத்தடியால் ஒவ்வொரு துண்டாகத் தொட்டுக்கொண்டு போனார். நாலாவது வரிசையில் ஒரு நிமிஷம் நின்றார். எதுவும் சொல்லவில்லை. கட்டிலை இப்போதே உள்ளே போடு என்கிறார். இன்னும் ஒரு நாள் காயட்டும் என்கிறேன்.

மே 30

ஸ்கர்ட்டிங்குக்கு இன்று வருவதாகச் சொன்ன மேஸ்திரி வரவில்லை. வேறு எங்கோ வேலை பிடித்திருக்கிறார் போல. போனையும் எடுக்கவில்லை.