அந்தச் சட்டையை விரித்து வைத்தது யார்?

திண்டுக்கல் பக்கத்துச் சாப்பாட்டுக் கடைகளைத் தேடிப் போய் வீடியோ எடுத்துப் போடும் இளைஞர் ஒருவர், தன் சேனலின் பெயரில் ஒரு டி-ஷர்ட், ஒரு தொப்பி, ஒரு தாள் ஸ்டிக்கர் மூன்றையும் ஒரே செட்டாக விற்கப் போவதாக அறிவித்தார். கூடவே ஒரு படமும் வந்தது. வெளிர் சந்தன நிறத் தரையில் கறுப்புச் சட்டை விரித்திருக்கிறது. பக்கத்தில் கறுப்புத் தொப்பி, அதற்குக் கீழே ஸ்டிக்கர் தாள். மூன்றிலும் ஒரே லோகோ: ஒரு பூட்டு, அதன் வயிற்றில் ஆவி பறக்கும் இலைச் சாப்பாடு, அடியில் சேனலின் பெயர். பூட்டு ஏன் என்று இந்த ஊர்க்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

படம் அழகுதான். ஆனால் தொப்பியில் நூலே தெரியவில்லை. எம்ப்ராய்டரி என்று எழுதியிருக்கிறது, லோகோவோ தாளில் அச்சடித்ததுபோல் வழவழவென்று இருக்கிறது. அந்தச் சந்தேகத்தில்தான் படத்தை கூகுள் லென்ஸில் போட்டுப் பார்த்தேன். அதே சட்டை வரிசையாக வந்து நின்றது. இடது கைக்குக் கீழே அதே சுருக்கம், காலருக்குப் பக்கத்தில் அதே மடிப்பு. மேலிருக்கும் லோகோ மட்டும் வேறு: ஒன்று காபிக் கடையினுடையது, இன்னொன்று உடற்பயிற்சிக் கூடத்தினுடையது. யாரோ, எங்கோ, ஒரே ஒரு தடவை விரித்த சட்டை அது.

இதைத்தான் டிசைனர்கள் 'மாக்கப்' என்கிறார்கள். இதன் வேரைத் தேடினால் 2005-இல் வெளிவந்த ஃபோட்டோஷாப் சிஎஸ்2 பதிப்பில் போய் நிற்கும். ஸ்மார்ட் ஆப்ஜெக்ட் என்ற வசதி அதில்தான் வந்தது. ஒரு படத்தை இன்னொரு கோப்பாக உள்ளே பொதிந்து வைக்கலாம். எப்போது வேண்டுமானாலும் அதைத் திறந்து, உள்ளே இருப்பதை மாற்றி, சேமித்துவிடலாம். வெளியே அதற்குக் கொடுத்திருந்த சாய்வு, வளைவு, நிழல் எல்லாம் புதிய படத்துக்கும் அப்படியே ஒட்டிக்கொள்ளும். துணியின் மடிப்பு லோகோ மேல் ஓடுவதற்கு 'டிஸ்பிளேஸ்' என்ற ஃபில்டர் உண்டு. சட்டையின் கறுப்பு வெள்ளைப் படத்தை அது ஒரு வரைபடமாக எடுத்துக்கொள்கிறது. நடுச் சாம்பல் நிறம் உள்ள இடத்தில் லோகோ அசையாது. வெளிச்சமான இடத்தில் ஒரு பக்கமும் இருட்டான இடத்தில் எதிர்ப்பக்கமும் நகரும். கண் ஏமாற அவ்வளவு போதும்.

மூன்று பொருளும் ஒரே குடும்பம்போல் தெரிவதற்கு வெளிச்சமும் பின்னணியும் பாதிக் காரணம்தான். மீதிக் காரணம் கோப்புக்குள் இருக்கிறது. சட்டை, தொப்பி, ஸ்டிக்கர் மூன்றிலும் இருப்பது ஒரே ஸ்மார்ட் ஆப்ஜெக்டின் நகல்கள். ஒன்றைத் திறந்து பூட்டை வைத்துச் சேமித்தால் மூன்றிலும் பூட்டு வந்துவிடும். வேலை நொடியில் முடிகிறது. வில்லங்கமும் அங்கேதான் தொடங்குகிறது.

அதற்கு முன், இல்லாத சட்டையின் படத்தைக் காட்டி விற்கும் பழக்கம் எங்கிருந்து வந்தது? 2011-இல் அமெரிக்காவின் பிராவிடன்ஸ் நகரில், பிரவுன் பல்கலைக்கழக மாணவர்கள் கூடும் மதுக்கூடம் ஒன்று மூடப்பட்டபோது, வாக்கர் வில்லியம்ஸும் இவான் ஸ்டைட்ஸ்-கிளேட்டனும் அதன் நினைவாக டி-ஷர்ட் போட நினைத்தார்கள். முன்கூட்டி அச்சடித்துக் குவித்து வைக்கக் கையில் காசில்லை. இணையத்தில் ஒரு பக்கம் திறந்து, சட்டையின் படத்தைக் காட்டி முதலில் ஆர்டர் வாங்கினார்கள். அதுவே டீஸ்பிரிங் நிறுவனம் ஆனது. 2018-இல் யூடியூப் அந்த நிறுவனத்தோடு சேர்ந்து, அமெரிக்காவில் 10,000 சந்தாதாரருக்கு மேல் உள்ள சேனல்களின் வீடியோவுக்குக் கீழேயே கடை விரிக்க இடம் கொடுத்தது. படம் முன்னால், பொருள் பின்னால் என்ற வரிசை அதோடு நிலைத்துவிட்டது.

அந்த வரிசை திண்டுக்கல்லுக்கு வர அதிகத் தூரம் இல்லை. ஆர்டர் வந்த பிறகு ஒற்றைச் சட்டையைக்கூட அச்சடித்து அனுப்பும் க்விகிங்க் நிறுவனம் திருப்பூரில் இருக்கிறது. திருப்பூருக்கு நூல் அனுப்பும் ஊர்களில் வேடசந்தூரும் ஒன்று. திண்டுக்கல்லிலிருந்து கரூர் சாலையில் போனால் வழிநெடுக நூற்பாலைகள். ஊர்ப் பையன் ஊர் நூலையே சட்டையாகத் திருப்பி வாங்குகிறான் என்றாலும் ஆச்சரியமில்லை.

இனி வில்லங்கத்துக்கு வருவோம். அந்த இளைஞரும் நானும் லோகோவை அளந்து பார்த்தோம். சட்டையின் மார்பில் அகலம் 28 செ.மீ. பூட்டின் கோடு 1.5 மி.மீ. தடிமன், பெயரின் எழுத்து 12 மி.மீ. உயரம். டிடிஎஃப் முறையில், அதாவது படலத்தில் அச்சடித்துச் சூட்டில் துணிமேல் ஒட்டும்போது, இதில் ஒரு சிக்கலும் இல்லை. ஆரஞ்சிலிருந்து சிவப்புக்கு மெல்ல மாறும் நிறம்கூட அப்படியே இறங்குகிறது.

அதையே தொப்பிக்கு 10 செ.மீ. அகலமாகச் சுருக்கினால் கோடு அரை மி.மீட்டருக்கு வந்துவிடுகிறது, எழுத்து 4 மி.மீட்டரைச் சற்றே தாண்டுகிறது. எம்ப்ராய்டரி ஊசிக்கு இது போதாது. பக்கம் பக்கமாக நூலை நெருக்கித் தைக்கும் கோட்டுக்கு ஏறக்குறைய 1 மி.மீ. அகலமாவது வேண்டும். தமிழ் எழுத்தில் இன்னொரு தொல்லை, சுழிகள். 'ண'வின் சுழிகளும் 'ஊ'வில் இருக்கும் குட்டி 'ள'வும் நூலில் அடைத்துக்கொண்டு ஒரு கட்டியாகிவிடும். நிறம் மெல்ல மாறுவதும் நூலில் நடக்காது. ஒரு நிறத்துக்கு ஒரு நூல்கண்டுதான். போதாததற்கு, ஆறு துண்டு சேர்த்துத் தைத்த தொப்பியின் நெற்றி நடுவில் ஒரு தையல் ஓடுகிறது. பூட்டின் சாவித் துவாரம் சரியாக அதன்மேல் போய் உட்கார்ந்தது.

கம்ப்யூட்டர் எம்ப்ராய்டரிக் கடைக்காரர் லோகோவைத் திரையில் பார்த்ததுமே தலையாட்டினார். "தம்பி, இது அச்சுக்குப் போட்ட படம். பஞ்சிங்குக்கு வேற போட்டுட்டு வாங்க" என்றார். பஞ்சிங் என்பது ஊசி எங்கே குத்த வேண்டும், எந்தத் திசையில் போக வேண்டும் என்று தையல் தையலாக எழுதும் வேலை. கடைசியில் இயந்திரத்துக்குப் போவது பெரும்பாலும் டிஎஸ்டி கோப்பு. அதில் படமே கிடையாது, தையல் வரிசை மட்டும்தான்.

ஸ்டிக்கர் வேலை, வண்டிகளுக்கு ரேடியம் ஸ்டிக்கர் வெட்டும் கடையிலேயே முடிந்தது. 4 செ.மீ. அகலத்தில் பெயரின் எழுத்து 2 மி.மீட்டருக்கும் கீழே போய்விட்டதால் படிக்க முடியவில்லை. ஆவியின் கூரான நுனிகளைச் சுற்றிக் கத்தி ஓடிய இடத்தில், உரிக்கும்போதே கிழிந்தது. பூட்டைச் சுற்றி 2 மி.மீ. வெள்ளை ஓரம் விட்டு, நுனிகளையும் உருட்டிய பிறகு சுலபமாக உரிந்து வந்தது.

ஆக, ஒரே லோகோ என்பது கண்ணுக்குத்தான். செய்முறையில் மூன்று லோகோ தேவைப்பட்டது: சட்டைக்கு முழுதும், ஸ்டிக்கருக்குப் பெயர் இல்லாமல் வெள்ளை ஓரத்தோடு, தொப்பிக்கு ஒற்றை நிறத்தில் தடித்த பூட்டு மட்டும், அதுவும் துவாரத்தை அகலமாக்கி. மாக்கப் கோப்பிலும் தொப்பியின் ஸ்மார்ட் ஆப்ஜெக்டைத் தனியாகப் பிரிக்க வேண்டும். அந்த அடுக்கின்மேல் வலது சொடுக்கில் New Smart Object via Copy என்று கொடுத்தால், ஒன்றை மாற்றும்போது மற்றவை மாறாது. இது தெரியாமல் சாதாரண நகல் எடுப்பவர்கள்தான் அதிகம்.

சட்டையை விரித்து வைத்த கை யாருடையது என்று கடைசிவரை தெரியவில்லை. அறிவிப்பிலிருந்த பழைய படத்தை இளைஞர் எடுத்துவிட்டார். தைத்து வந்த மாதிரித் தொப்பியைத் தன் கைபேசியில் படமெடுத்து அதையே போட்டிருக்கிறார். வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: எம்ப்ராய்டரி என்று சொல்லி நூல் தெரியாத தொப்பிப் படம் காட்டினால், பணம் கட்டும் முன் தைத்த தொப்பியின் படத்தைக் கேளுங்கள்.