காய்ச்சல் சொல்லாததை மூச்சு சொன்னது

காலை நிகழ்ச்சியில் இரண்டு பாடல்களுக்கு நடுவே நான் பேசுவது அதிகம் போனால் நாற்பது வினாடி. போக்குவரத்து நிலவரம், வானிலை, அடுத்து வரும் பாடல். பல வருடங்களாகச் செய்கிற வேலை. கடந்த ஆண்டு ஒரு புதன்கிழமை காலை, கூட்டரசு நெடுஞ்சாலையில் நெரிசல் என்று சொல்லத் தொடங்கியவள், அந்த வாக்கியத்தை முடிப்பதற்குள் ஒருமுறை மூச்சு வாங்க வேண்டியதாயிற்று. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த தயாரிப்பாளர் சட்டென்று பாடலை ஓடவிட்டார்.

நான்கு நாளாக இருமல். முதல் மூன்று நாள் வெறும் சளி என்று நினைத்து மிட்டாய் மாத்திரையைச் சப்பிக்கொண்டே ஒலிபரப்பில் உட்கார்ந்திருந்தேன். அன்று காலை குளிர் நடுக்கம் எடுத்தது. ஆழமாக மூச்சு இழுத்தால் வலது விலாவுக்குக் கீழே குத்தியது. மதியம் கிளாங்கில் வீட்டுக்குப் பக்கத்திலிருக்கும் கிளினிக்குக்குப் போனபோது காய்ச்சல் 39.2 பாகை.

டாக்டர் முதுகில் ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்டார். வலது பக்கம் அடியில் தலைமுடியை விரலுக்கிடையில் தேய்த்தால் கேட்குமே, அப்படி ஒரு சரசரப்பு இருப்பதாகச் சொன்னார். எக்ஸ்ரேயிலும் அதே இடத்தில் வெள்ளையாக ஒரு திட்டு. "நிமோனியா. ஆனா வீட்டிலேயே பார்த்துக்கலாம். மாத்திரை போதும்" என்றார்.

அந்த இரண்டு வாக்கியமும் எனக்கு ஒட்டவில்லை. நிமோனியா என்றால் வார்டு, கையில் டிரிப், மூக்கில் குழாய் என்றுதான் மனதில் படம் இருந்தது. வெளியே வந்து அம்மாவுக்குப் போன் செய்தால், "நெஞ்சுல சளி கட்டியிருக்கு, மாத்திரை குடுத்து அனுப்பிட்டாங்களா?" என்று பதறினார். அடுத்து ஜொகூரிலிருந்து அக்கா. "மெடிக்கல் கார்டு எதுக்கு வச்சிருக்க? கிளினிக்கு, மருந்துக்கெல்லாம் கார்டு காசு தராது. அட்மிட் ஆனாத்தான் தருவான். பேசாம போய்ப் படு." இங்கே பல வீடுகளில் இந்தக் கணக்கு ஓடுகிறது. என்னுள்ளும் ஓடியது. திரும்ப உள்ளே போய் டாக்டரிடமே கேட்டுவிட்டேன்.

அவர் கோபப்படவில்லை. எம்.சி. கடிதத்தின் உறையைத் திருப்பிப் போட்டு எழுத ஆரம்பித்தார். நிமோனியா வந்தவரை எங்கே வைத்துப் பார்ப்பது என்று முடிவு செய்ய, 2003ஆம் ஆண்டு வெளியான ஓர் எளிய கணக்கு உலகம் முழுவதும் புழக்கத்தில் இருக்கிறது. கிளினிக்கில் பார்க்கக்கூடியவை அதில் நான்கு. ஒன்று, புதிதாக வந்த குழப்பம். நாள், இடம், ஆள் தடுமாறுவது. இரண்டு, நிமிடத்துக்கு 30 அல்லது அதற்கு மேல் மூச்சு. மூன்று, இரத்த அழுத்தத்தில் மேல் எண் 90க்குக் கீழே போவது, அல்லது கீழ் எண் 60 அல்லது அதற்கும் குறைவது. நான்கு, வயது 65 அல்லது அதற்கு மேல். ஒவ்வொன்றுக்கும் ஒரு புள்ளி. பூஜ்யம் என்றால் பெரும்பாலும் வீடு. ஒன்றோ இரண்டோ என்றால் மருத்துவமனைக்கு அனுப்புவதைப் பற்றி யோசிக்க வேண்டும். மூன்று, நான்கு என்றால் தாமதிக்கக்கூடாது. மருத்துவமனையில் இரத்தத்தில் யூரியா அளவையும் ஐந்தாவதாகச் சேர்த்துக்கொள்வார்கள்.

நான் அந்தப் பட்டியலில் தேடியது காய்ச்சலை. அது இல்லவே இல்லை.

"39 பாகை காய்ச்சல் அடிச்சா உடம்பு எதிர்த்துச் சண்டை போடுதுன்னு அர்த்தம். எவ்வளவு தோத்திருக்குன்னு அது சொல்லாது. அதை மூச்சும் இரத்த அழுத்தமும் மூளையும்தான் சொல்லும்" என்றார். என் மூச்சு நிமிடத்துக்கு 22, அழுத்தம் 118க்கு 74, வயது முப்பதுகளில், தலை தெளிவு. மொத்தம் பூஜ்யம்.

ஆனால் பூஜ்யத்தோடு அவர் நிறுத்தவில்லை. வயதுக்கே ஒரு புள்ளி என்பதால், இளையவர்களின் ஆபத்தை இந்தக் கணக்கு சில நேரம் குறைத்துக் காட்டிவிடும். அதனால் இன்னும் மூன்றைப் பார்த்தார். விரலில் மாட்டும் கருவியில் ஆக்சிஜன் 96 விழுக்காடு. 92க்குக் கீழே இருந்திருந்தால் புள்ளி என்னவாக இருந்தாலும் அனுப்பியிருப்பாராம். மாத்திரை விழுங்கினால் வாந்தியில்லாமல் வயிற்றில் தங்குமா? தங்கும். வீட்டில் யாராவது இருக்கிறார்களா? அம்மா, அப்பா இருக்கிறார்கள். நீரிழிவு, இதய நோய், சிறுநீரகக் கோளாறு எதுவும் எனக்கில்லை.

பிறகு மருந்து. "பெனிசிலின் போட்டு உடம்பு தடிச்சிருக்கா? மூச்சு அடைச்சிருக்கா?" இல்லை. கடந்த மூன்று மாதத்தில் ஏதாவது ஆண்டிபயாட்டிக் சாப்பிட்டேனா? இல்லை. அமோக்சிசிலின் 500 மில்லிகிராம், எட்டு மணி நேரத்துக்கு ஒன்று, ஐந்து நாள் என்று எழுதினார். என் முகம் வாடியதைப் பார்த்திருப்பார். பல் வலிக்குக் கொடுக்கிற அதே மருந்தா?

அதே மருந்துதான். வெளியிலிருந்து வருகிற நிமோனியாவில் அதிகம் அஞ்ச வேண்டிய கிருமி நியூமோகாக்கஸ். அமோக்சிசிலின் அதன் செல்சுவரைக் கட்ட விடாமல் உடைக்கிறது. மூன்றே நாளில் முடிகிற அசித்ரோமைசின் பலருக்குப் பிடித்த மருந்து. ஆனால் ஆசியாவின் பல பகுதிகளில் நியூமோகாக்கஸ் அந்த மருந்துக்குப் பழகிப்போய்விட்டது. அதை மட்டும் நம்பி இறங்குவதில் ஆபத்து உண்டு. லெவோஃப்ளாக்சசின் போன்ற 'பவர்' மருந்தைக் கேட்டு வாங்குவதிலும் நம் நாட்டில் ஒரு சிக்கல் இருக்கிறது. இங்கே காசநோய் இன்னும் இருக்கிறது. இருமல் உண்மையில் காசநோயாக இருந்தால், அந்த மருந்து அதைப் பாதி அடக்கி, கொஞ்ச நாள் குணமானதுபோல் காட்டி, நோயைக் கண்டுபிடிப்பதைத் தள்ளிப்போட்டுவிடும்.

அமோக்சிசிலினுக்கும் எல்லை உண்டு. மைக்கோபிளாஸ்மா என்ற கிருமிக்குச் செல்சுவரே கிடையாது. உடைக்கச் சுவர் இல்லாத இடத்தில் இந்த மருந்துக்கு வேலையில்லை. "அதனாலதான் மூணாவது நாள் வரச் சொல்றேன். இறங்கலைன்னா டாக்சிசைக்ளின் போன்றதைச் சேர்க்கணுமா, மாத்தணுமான்னு பார்க்கலாம். மூணு நாளுக்குள்ள மோசமானா எனக்காகக் காத்திருக்காதீங்க, நேரா மருத்துவமனை."

மூன்றாம் நாள் காலை காய்ச்சல் 37.8. மூச்சு 18. ஆனால் இருமல் அப்படியே இருந்தது. மருந்து முடிந்த பிறகும் அது போகவில்லை. காய்ச்சல் ஒரு வாரத்தில் அடங்கும், இருமலும் இளைப்பும் குறைய ஆறு வாரம்கூட ஆகலாம், களைப்பு மூன்று மாதம் இழுக்கலாம் என்று முன்பே சொல்லியிருந்ததால் நான் இன்னொரு ஆண்டிபயாட்டிக் தேடி ஓடவில்லை. அந்த உறையை அம்மா குளிர்பெட்டிக் கதவில் காந்தம் வைத்து ஒட்டிவிட்டார்.

எட்டு மாதம் கழிந்தது. ஒரு சனிக்கிழமை மாலை அப்பா சாப்பாடு வேண்டாமென்றார். 71 வயது, நீரிழிவு உண்டு. இரண்டு நாளாக லேசான இருமல். காய்ச்சல் பார்த்தேன், 37.6. "ஒண்ணுமில்ல, அசதி" என்று படுத்துக்கொண்டார். பக்கத்து வீட்டு ஆன்ட்டி, தன் மகனுக்கு வாங்கியதில் மிச்சமிருந்த ஆண்டிபயாட்டிக் அட்டையைக் கொண்டுவந்து கொடுத்தார். எனக்கு வந்தபோது 39 பாகை, மாத்திரையிலேயே சரியாகிவிட்டது. அப்பாவுக்கு அவ்வளவுகூட இல்லையே. காலையில் கிளினிக்குக்குக் கூட்டிப் போகலாம் என்று நினைத்து அந்த அட்டையைக் கையிலும் எடுத்துவிட்டேன்.

இரவு ஒன்பது மணிக்கு அறைக்குள் போனபோது அப்பா என்னைப் பார்த்து, "அக்கா, வெட்டுக்கு நேரமாச்சு, லயத்துல விளக்கைப் போடு" என்றார். அவர் தோட்டத்தை விட்டு வந்து நாற்பது வருடத்துக்கு மேலாகிறது. அத்தை இறந்தே பத்து வருடம். தூக்கக் கலக்கம் என்று அம்மா சொன்னார். நான் போய் அந்த உறையை எடுத்து வந்தேன்.

மூச்சை எண்ணுவது எப்படி என்று டாக்டர் சொல்லித் தந்திருந்தார். எண்ணப்போகிறோம் என்று சொல்லக்கூடாது, சொன்னால் மூச்சு மாறிவிடும். கையைப் பிடித்து நாடி பார்ப்பதுபோல் உட்கார்ந்து, கண்ணை வயிற்றில் வைத்து, ஏறி இறங்குவதை ஒன்றாகக் கணக்கிட்டு, முழு ஒரு நிமிடம் எண்ண வேண்டும். பதினைந்து வினாடி எண்ணி நான்கால் பெருக்கினால் தவறு பெரிதாகிவிடும். 32 வந்தது. நம்பாமல் மறுபடி எண்ணினேன். 33.

வயதுக்கு ஒன்று, குழப்பத்துக்கு ஒன்று, மூச்சுக்கு ஒன்று. மூன்று. இரத்த அழுத்தம் பார்க்கும் முன்பே மூன்று.

விரல் கருவி 93 காட்டியது. அதைப் பார்த்து ஆறுதலடையவில்லை. கறுத்த தோலில் அந்தக் கருவி உண்மையைவிடக் கொஞ்சம் கூடுதலாகக் காட்டக்கூடும் என்பதும் எனக்குச் சொல்லப்பட்டதுதான். 999க்கு அழைத்தேன். "ஊசி ஒண்ணு போட்டா போதும், ஆஸ்பத்திரி வேணாம்" என்று அப்பா அம்புலன்ஸ் ஏறும்வரை முனகினார்.

அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவில் எக்ஸ்ரேயைக் காட்டினார்கள். இரண்டு பக்கமும் வெள்ளை. யூரியாவும் ஏறியிருந்தது. ஆக்சிஜன், நரம்பு வழியாக ஆண்டிபயாட்டிக். வயதானவர்களுக்கு நிமோனியா சில நேரம் காய்ச்சலே இல்லாமல், குழப்பமாகவும் சாப்பாடு மறுப்பதாகவும்தான் தலைகாட்டும் என்று அங்கிருந்த இளம் டாக்டர் சொன்னார். மாத்திரை கொடுத்துக் காலைவரை வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்டேன். அவர் பதில் சொல்லாமல் அப்பாவின் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான்காம் நாள் மூச்சு 20க்கு வந்தது, அப்பா என்னை என் பெயர் சொல்லிக் கூப்பிட்டார், கஞ்சி குடித்தார். அன்றே டிரிப்பை நிறுத்தி மாத்திரைக்கு மாற்றினார்கள். வாய்வழி மருந்து சோப்ளாங்கி, டிரிப்தான் வீரன் என்ற அக்காவின் கணக்கு அங்கேயும் செல்லவில்லை. உடம்பு நிலைப்பட்டு, விழுங்க முடிந்தால் மாத்திரை போதும். ஏழாம் நாள் வீட்டுக்கு வந்தார். ஆறு வாரம் கழித்து மறுபடி எக்ஸ்ரே. முன்பு புகைத்தவர் என்பதால், அந்த வெள்ளைத் திட்டுக்குப் பின்னால் வேறெதுவும் ஒளிந்திருக்கவில்லை என்று உறுதி செய்யத்தான். ஒன்றுமில்லை.

பக்கத்து வீட்டு ஆன்ட்டியின் மாத்திரை அட்டையை அவரிடமே திருப்பிக் கொடுத்தேன். உறை மட்டும் இன்னும் குளிர்பெட்டிக் கதவில் இருக்கிறது. என் 39.2க்குப் பக்கத்தில் அப்பாவின் 37.6ஐயும் எழுதி வைத்திருக்கிறேன். முதலாவது வீட்டில் இருந்தது, இரண்டாவது வார்டுக்குப் போனது.